மூன்று வகுப்பு, ஒரே தொடை

பினாங்கின் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டபோது அதன் பெருநிலக் கரை வந்து இறங்கிய இடம் பத்து காவான். செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று மருத்துவக் கருவியும் மின்னணுச் சில்லும் செய்யும் தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், 2019இல் வந்த ஐக்கியா கடை. இங்கே வேலை செய்கிறவர்களில் பலர் நாள் முழுக்க உட்கார்ந்தோ நின்றோ இருப்பவர்கள். ஜிம்மில் சேர நினைக்கும் ஒருவருக்குத் தோழி வாட்சாப்பில் அனுப்பும் முதல் பொருள் பெரும்பாலும் ஒரு புகைப்படம்தான். ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் வகுப்பு அட்டவணை அது. ஏழு நாள், நாளுக்கு இரண்டு மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம்.

அந்தப் படத்திலிருந்து ஒரு வாரத் திட்டம் போடுவது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி. பலர் செய்வது, வேலை முடியும் நேரத்துக்கு ஒத்துவரும் கட்டங்களை வட்டமிடுவது. அதில் ஒரு சிக்கல் உண்டு. அட்டவணை போட்டவர் மனத்தில் இருந்தவை கூடத்தின் காலி நேரம், பயிற்றுநர் வரக்கூடிய நாள், எந்த வகுப்புக்குக் கூட்டம் சேரும் என்ற கணக்கு. உங்கள் தொடைத் தசை செவ்வாய்க்கிழமை என்ன செய்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே கட்டங்களை உடம்பின் கணக்குக்கு மாற்றி எழுதும் வேலை நம்முடையது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். முப்பது வயதுப் பெண், காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வருபவர், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு உடற்பயிற்சி செய்ததில்லை, நோய் எதுவும் இல்லை. அவர் கையில் இருக்கும் அட்டவணையை மலேசிய ஜிம்களில் பரவலாக உள்ள வகுப்புகளைக் கொண்டு நானே அமைத்திருக்கிறேன்:

திங்கள்: 6.30 யோகா, 7.30 பாடிகாம்பாட்
செவ்வாய்: 6.30 ஜும்பா, 7.30 பாடிபம்ப்
புதன்: 6.30 ஆர்பிஎம் சைக்கிள், 7.30 ஹிட்
வியாழன்: 6.30 பிலாத்தே, 7.30 ஜும்பா
வெள்ளி: 6.30 பாடிபம்ப், 7.30 யோகா
சனி காலை: 9.00 ஆர்பிஎம் சைக்கிள், 10.00 பாடிகாம்பாட்
ஞாயிறு காலை: 9.00 யோகா, 10.00 ஜும்பா

இதை இப்படி வரிவரியாக எழுதி எடுப்பதே முதல் வேலை. அதிலேயே தவறு நுழையும். கைத்தொலைபேசியில் படத்தை அழுத்திப் பிடித்து எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது. அது எழுத்தைப் படிக்கும். காலிக் கட்டத்தைப் பல நேரம் விட்டுவிடும். ஒரு வரிசையில் வியாழன் கட்டம் காலியாக இருந்தால், வெள்ளியின் வகுப்பு இடப்பக்கம் நகர்ந்து வியாழனில் உட்கார்ந்துவிடும். நம் ஊர் அட்டவணைகளில் வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தை ஒட்டிக் கட்டம் காலியாக விடப்படுவது உண்டு என்பதால், வாரத்தின் கடைசி நாள்களில்தான் இந்தச் சறுக்கல் அதிகம் நேரும். கண்ணால் பார்த்து எழுதினாலும், மேலே நாள்பெயர் தெரியாமல் கத்தரிக்கப்பட்ட படத்தில் இதே பிழை வரும். பக்கத்திலேயே இருக்கும் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கும் கிளை வைத்திருக்கும் ஜிம் ஒரே வார்ப்பில் அட்டவணை அடித்தால் வாரம் ஞாயிற்றில் தொடங்கியிருக்கலாம். முதல் கட்டத்தைத் திங்கள் என்று எடுத்துக்கொண்டால் வாரம் முழுக்க ஒரு நாள் பிசகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, கணக்குப் பிள்ளை பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல் இரு பக்கமும் கூட்டிப் பார்க்கலாம். படத்தில் ஒவ்வொரு நாளுக்கும் கீழே எத்தனை வகுப்பு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் நேரே எத்தனை என்றும் எண்ணுங்கள். நீங்கள் எழுதிய பட்டியலிலும் அதே எண்கள் வரவேண்டும். மொத்தம் சரியாக இருந்து நாள்வாரி எண்ணிக்கை மட்டும் உதைத்தால் கட்டம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு படத்தின் மூலையில் மாதம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரமலான் மாதத்தில் மாலை வகுப்புகள் நோன்பு திறக்கும் நேரத்தைச் சுற்றி மாறும். அப்போது எடுத்த படம் அடுத்த மாதம் உதவாது.

பட்டியல் கைக்கு வந்ததும் வகுப்புப் பெயர்களை மறந்துவிட்டு, ஒவ்வொன்றும் உடம்பில் எதை வேலை வாங்குகிறது என்று பக்கத்தில் எழுதவேண்டும். பெயர்கள் விற்பனைக்காக வைக்கப்பட்டவை. பாடிபம்ப், பாடிகாம்பாட், ஆர்பிஎம் மூன்றும் நியூசிலாந்தின் லெஸ் மில்ஸ் நிறுவனத்தின் வகுப்புகள். ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக்காக விளையாடிய லெஸ் மில்ஸ் 1968இல் ஆக்லாந்தில் தொடங்கிய ஜிம்தான் அதன் வேர். இந்த வகுப்புகளின் நடன அமைப்பும் பாட்டு வரிசையும் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் பத்து காவானில் இருப்பவரும் வகுப்புக்குள் நுழையும் முன்பே அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள முடியும்.

பாடிபம்ப் என்பது இலேசான எடை மாட்டிய கம்பியைப் பாட்டுக்கு ஏற்றபடி பலமுறை தூக்குவது. ஒரு பாட்டுக்கு ஒரு தசைக் கூட்டம் என்று போகும்: முதலில் உடம்பைச் சூடாக்குவது, அடுத்து ஸ்குவாட், பிறகு நெஞ்சு, முதுகு, கையின் பின்பக்கம், முன்பக்கம், லஞ்ச், தோள், வயிறு. ஒரு தசைக் கூட்டத்துக்கு 70 முதல் 100 தடவை வரை என்று நிறுவனமே சொல்கிறது. இது வலுப்பயிற்சி. காம்பாட் என்பது எதிராளி இல்லாத குத்தும் உதையும். மூச்சு வாங்கும், துள்ளலும் உண்டு. ஆர்பிஎம் அசையாத சைக்கிள். துள்ளல் இல்லை, ஆனால் தொடை எரியும். ஹிட் குறுகிய நேர அதிதீவிரப் பயிற்சி. பெரும்பாலும் குதித்து எழும் ஸ்குவாட்டும் லஞ்சும் கலந்தே வரும். ஜும்பாவில் தீவிரம் உங்கள் கையில். நடையளவிலும் ஆடலாம், வியர்த்துக் கொட்டவும் ஆடலாம். யோகாவும் பிலாத்தேயும் நீட்டத்துக்கும் நடு உடலுக்கும்.

இப்போது புதியவர் ஆசையோடு வட்டமிடும் மூன்று கட்டங்களைப் பாருங்கள். வேலை முடிந்து நெரிசலில் வீட்டுக்குப் போய் வர 7.30தான் தோது. திங்கள் காம்பாட், செவ்வாய் பம்ப், புதன் ஹிட். ஒன்று குத்துச்சண்டை, ஒன்று எடை, ஒன்று வேகம் என்று தோன்றும். உடம்பின் கணக்கில் மூன்று நாளும் வேலை செய்தது ஒரே தொடை, ஒரே புட்டத் தசை. உதைக்கும்போது நிற்கும் கால், ஸ்குவாட்டில் இறங்கும் கால், குதித்து இறங்கும் கால் எல்லாம் ஒன்றுதான்.

அதில் இறங்குவது என்ற பகுதிதான் முக்கியம். தசை சுருங்கி எடையைத் தூக்கும்போது அதற்கு வரும் சேதம் குறைவு. நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது, அதாவது ஸ்குவாட்டில் மெல்லக் கீழே போகும்போது, பழகாத தசை நாரில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. வலி உடனே வராது. பொதுவாக 24 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டி 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். செவ்வாய் இரவு பம்ப் செய்தவருக்குப் புதன் மாலை கால் கொஞ்சம் கனமாக மட்டும் இருக்கலாம். அவர் ஹிட் வகுப்புக்குப் போவார். வியாழன் காலை படியிறங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இதே உடம்பில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. ஒருமுறை அளவோடு இப்படிச் சேதமடைந்த தசை, சில நாள் விட்டு அதே வேலையைச் செய்யும்போது மிகக் குறைவாகவே வலிக்கும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். முதல் தடவை சிறிய அளவில் செய்தாலும் இது கிடைக்கிறது என்பதுதான் புதியவருக்கான செய்தி. முதல் நாளே முழு வகுப்பையும் முடித்துக் காட்டவேண்டியதில்லை. முதல் சில பாட்டுகளோடு வெளியேறி, வாரா வாரம் ஒவ்வொரு பாட்டாகக் கூட்டிக்கொள்ளும் முறையை லெஸ் மில்ஸ் நிறுவனமே சொல்கிறது. பாதியில் எழுந்து போக வெட்கப்படுகிறவர்கள் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கலாம்.

இந்த வெட்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. முதல் சைக்கிள் வகுப்பிலேயே கடைசிவரை மிதித்துவிட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன. தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்து அவற்றிலிருக்கும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அரிதுதான். ஆனால் அடையாளம் தெளிவானது: தொடை வீங்கி மடக்க முடியாத வலி, சிறுநீர் கோலா நிறத்தில் போவது. அப்படியானால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி பெரியவர்களுக்கு இரண்டு விஷயம் கேட்கிறது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான மூச்சுப் பயிற்சி, அல்லது அதில் பாதி அளவு கடுமையான பயிற்சி. அதோடு, முக்கியத் தசைக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் வாரம் குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சி. அட்டவணையைப் பார்த்தால் மூச்சுக்கு நிறையக் கட்டங்கள் இருக்கின்றன. வலுவுக்கு முழுமையானவை இரண்டுதான், செவ்வாய் பம்ப்பும் வெள்ளி பம்ப்பும். அரிதானதை முதலில் பொருத்தவேண்டும். மற்றவை அதைச் சுற்றித்தான் வரும்.

செவ்வாய் 7.30க்கும் வெள்ளி 6.30க்கும் இடையே 71 மணி நேரம். எடைப்பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் புரதம் கட்டும் வேகம் ஒன்றிரண்டு நாளுக்குக் கூடுதலாக இருக்கும். அந்த வேலை நடக்க 48 மணி நேரமாவது விடவேண்டும் என்பது வழக்கமான விதி. 71 மணி தாராளம். வெள்ளி 6.30க்குப் பாலத்து நெரிசலைத் தாண்டி வரவேண்டியவருக்கு அது சங்கடம்தான். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள் வேலையிலிருந்து நேராக ஜிம்முக்குப் போகவேண்டும் என்றால் அந்த நாள் இதுவாக இருக்கட்டும்.

அடுத்து மூச்சு. பம்ப்பிலிருந்து தள்ளி நிற்கும் நாள் ஞாயிறு. அங்கே ஜும்பா இருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்கு இந்த மூன்றுமே போதும்: செவ்வாயும் வெள்ளியும் அரை பம்ப், ஞாயிறு ஜும்பா. மூன்றாவது வாரத்திலிருந்து வியாழன் ஜும்பாவைச் சேர்க்கலாம், அதுவும் துள்ளாமல், காலைத் தரையை விட்டு எடுக்காமல் ஆடுவதாக இருந்தால். அடுத்த நாள் பம்ப் இருக்கிறது என்பது நினைவில் இருக்கவேண்டும். இரண்டு ஜும்பாவும் சேர்ந்தால் ஏறக்குறைய 120 நிமிடம். மீதி 30 நிமிடம் திங்களும் சனியும் பதினைந்து நிமிட விரைவு நடையில் வந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு நடப்பது நல்லது. நம் ஊர் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாவது மெதுவாகத்தான், அதனால் அதே நடைக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும்.

மிதமா கடுமையா என்று அறியக் கைக்கடிகாரம் வேண்டாம். ஆடிக்கொண்டே பக்கத்திலிருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். சில வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு இடறினால் கடுமை. முதல் மாதத்தில் அந்த இரண்டாவது நிலைக்குப் போகவேண்டிய தேவை இல்லை.

யோகாவை எங்கே வைப்பது என்று யோகா பிரியர்கள் கேட்பார்கள். திங்கள் 6.30க்கு வைக்கலாம், வெள்ளி பம்ப் முடிந்த கையோடும் வைக்கலாம். அதை ஓய்வு என்று கணக்கிடுவதில் தவறில்லை, வகுப்பு மெதுவானதாக இருந்தால். வேகமாக ஓடும் யோகா வகுப்புகளும் இருக்கின்றன. பலகைபோல் கையில் நிற்கும் நிலை இருபது முறை வந்தால் அது தோளுக்கு வேலை, ஓய்வில்லை.

இந்தத் திட்டத்தில் இடம் கிடைக்காமல் போனது ஆர்பிஎம். அது நல்ல வகுப்பு. துள்ளல் இல்லாததால் மூட்டுவலிக்காரருக்கு ஜும்பாவைவிடப் பொருந்தும். ஆனால் இந்த அட்டவணையில் அது புதனிலும் சனியிலும், அதாவது இரண்டு தடவையும் பம்ப்புக்கு மறுநாளே வருகிறது. ஸ்குவாட்டில் அடிபட்ட தொடையோடு சைக்கிள் ஏறவேண்டியிருக்கும். சைக்கிள்தான் வேண்டும் என்பவர் வெள்ளி பம்ப்பை விட்டுவிட்டு, சனி ஆர்பிஎம்முக்குப் போய், இரண்டாவது வலுப்பயிற்சியை வேறெங்காவது வைக்கவேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். ஆறாவது, ஏழாவது வாரத்தில், பம்ப்புக்கு மறுநாள் காலில் வலி எதுவும் இல்லாத நிலையில் வைத்துக்கொள்ளலாம். ஹிட்டுக்கு மூன்றாவது மாதம் வரை காத்திருப்பதே என் யோசனை.

திட்டம் சரியாகப் போகிறதா என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். வெள்ளி வகுப்பில் நுழையும்போது செவ்வாயின் வலி இன்னும் படியிறங்கும் அளவில் இருந்தால் செவ்வாய் செய்தது அதிகம். பாட்டைக் குறைக்கவேண்டும், நாளை மாற்றவேண்டாம். மறுபக்கம், ஸ்குவாட் பாட்டின் கடைசிப் பத்துத் தடவையும் அரட்டை அடித்தபடி முடிந்தால் கம்பியில் எடை போதவில்லை. சின்ன வட்டு ஒன்று ஏற்றிப் பாருங்கள். முதுகு வளையாமல், முட்டி உள்நோக்கிச் சாயாமல் முடிக்க முடிந்தால் அதுவே அடுத்த எடை. மூன்று நான்கு மாதத்தில் பம்ப் கொடுக்கும் வலுவுக்கு ஓர் எல்லை வந்துவிடும். எடை குறைவு, தடவை அதிகம் என்ற அதன் அமைப்பு தாங்குதிறனை வளர்க்கும் அளவுக்கு உச்ச வலுவை வளர்க்காது. அப்போது கூடத்தை விட்டு எடைப் பகுதிக்குப் போகும் நேரம் வரும்.

இதுவரை பேசியது எட்டு மணிக்குப் போய் ஐந்தரைக்கு வருபவரைப் பற்றி. பத்து காவான் ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர் நிலை வேறு. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் விடுப்பு என்ற முறையில் இருப்பவருக்கு வாரம் என்பது ஆறு நாள். ஜிம்முக்கு வாரம் ஏழு நாள். இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்க 42 நாள் ஆகும். அந்த ஆறு வாரத்தில் ஒவ்வொரு கிழமையும் இவருக்கு இரண்டு தடவை மட்டுமே விடுப்பாக அமையும். பன்னிரண்டு பம்ப் வகுப்புகளில் கிடைப்பது நான்கு. இவருக்குச் செவ்வாய், வெள்ளி என்று திட்டம் போட்டுக் கொடுத்தால் மூன்றாவது வாரத்தில் அது குளிர்பெட்டிக் கதவில் வெறும் காகிதமாகத் தொங்கும்.

இவர் கிழமையை விட்டுவிட்டு இடைவெளியைப் பிடிக்கவேண்டும். முதல் விடுப்பு நாளில் ஒரு வலுப்பயிற்சி. அதிலிருந்து மூன்றாம் நாள், அதாவது வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், வீட்டிலேயே இருபது நிமிடத்தில் இன்னொன்று. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையில் கை வைத்துத் தள்ளும் தண்டால், அரிசி போட்ட பையை இடுப்புக்கு இழுப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. ஆறு நாளில் இரண்டு வலுப்பயிற்சி, நடுவில் பொதுவாக மூன்று நாள் இடைவெளி. இரவு ஷிஃப்ட் முடித்த முதல் விடுப்பு நாளில் தூங்கி எழுந்த பிறகே இதைத் தொடவேண்டும். தூக்கமில்லாத உடம்போடு முதல்முறை ஒரு வகுப்புக்குள் நுழைவது நல்லதல்ல.

அட்டவணைப் படம் இவருக்கு இரண்டாவது தேவையாகத்தான் வரும். விடுப்பு ஜோடி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிழமை பின்னால் நகரும்: திங்கள்-செவ்வாய், பிறகு ஞாயிறு-திங்கள், பிறகு சனி-ஞாயிறு. மொத்தம் ஏழு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் படத்திலிருந்து ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். திங்கள்-செவ்வாய் வந்தால் முதல் நாள் வலுப்பயிற்சியைச் செவ்வாய்க்குத் தள்ளி அதைப் பம்ப்பாகச் செய்யலாம். சனி-ஞாயிறு வந்தால் சனி வீட்டுப் பயிற்சி, ஞாயிறு ஜும்பா. புதன்-வியாழன் வந்தால் புதன் வீட்டுப் பயிற்சி, வியாழன் ஜும்பா. வெள்ளி-சனி வந்தால் வெள்ளி பம்ப், சனிக்கிழமை சைக்கிளை விட்டுவிட்டு நடை. ஏழில் நான்கு ஜோடிக்குள் பம்ப் அகப்படும். ஜிம் அடுத்த மாதம் அட்டவணையை மாற்றினால் புதுப் படத்திலிருந்து இந்த ஏழு வரியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். ஆறு நாள் சுற்று அப்படியே இருக்கும்.